பத்துக் கேள்விகள் இருந்த படம்

சிராங்கூன் சாலையில் ஒரு புகைப்பட நிலையத்தின் பின்கட்டில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதற்கு முன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். அதற்கும் முன் கிராஞ்சிப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இரண்டு ஆண்டு பால் வெட்டினேன். எந்த இடத்திலும் கால் தரித்ததில்லை. ஆங்கிலப் பள்ளியில் ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். ஆனாலும் என்னோடு வேலை செய்தவர்களில் அந்த அளவுகூடப் படித்தவர்கள் குறைவு. அதனால் போன இடத்திலெல்லாம் என்னிடம் யாராவது ஒரு தாளை நீட்டுவார்கள். நானும் வாங்கிப் படிப்பேன். தெரியாத சொல்லுக்கு ஏதாவது ஓர் அர்த்தம் சொல்லிவிடுவேன். பெரும்பாலும் அது சரியாகவே இருந்தது. அதுதான் என்னைக் கெடுத்தது.

தோட்டத்துத் தொழிலாளிகளுக்கு அடையாளப் படம் எடுக்க வேண்டும் என்று ஒருநாள் நிலையத்துக்கு ஆள் வந்தது. முதலாளி மடக்குக் கேமராவையும் நான் முக்காலியையும் வெள்ளைத் துணியையும் எடுத்துக்கொண்டு, பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம். நான் பால் வெட்டிய அதே தோட்டம். தொழிலாளிகள் குடியிருக்கும் லயங்களின் தகரக் கூரை மட்டும் புதிதாக மாறியிருந்தது.

வரிசையில் நின்றவர்களில் ஒருவர் என்னைப் பார்த்ததும் வரிசையை விட்டு வெளியே வந்தார். நான் அங்கே இருந்தபோது பக்கத்து அறையில் குடியிருந்தவர். எனக்கு ஐந்தாறு வயது மூத்தவர். அப்போது அவருக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. எனக்குக் காய்ச்சல் வந்த ஒரு வாரம் அவர் மனைவிதான் கஞ்சி வைத்துக் கொடுத்தார்.

"தம்பி, நீயா? படம் புடிக்கிற ஆளாயிட்டியா?"

"தண்ணியில அலசுற ஆளு அண்ணே. புடிக்கிறது அவரு."

"அலசுனா என்ன, இங்கிலீஷ் படிப்பேல்ல?"

விஷயத்தை நின்ற இடத்திலேயே சொன்னார். மனைவி பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். போய் இரண்டு ஆண்டாகிவிட்டது. பெண் பிறந்தது. அதற்குப் பின் மாமியார் படுக்கையில் விழுந்தார், திரும்பி வருவதற்கான அனுமதியின் காலமும் முடிந்துபோனது. இப்போது மறுபடி வரவழைக்க மனுப் போட்டிருக்கிறார். மனுவுக்குப் பதிலாக, குடிநுழைவு அலுவலகத்திலிருந்து கேள்விகள் அடங்கிய ஒரு தாள் வந்திருக்கிறது. அது அவர் கைக்கு வரவில்லை. தோட்ட ஆபீசுக்குப் போய், அங்கே கணக்கு எழுதும் கிராணியின் கோப்பில் கிடக்கிறது.

மனைவியை ஐந்து ஆண்டு தொடர்ந்து பிரிந்திருந்தவன் அவளை வரவழைக்க முடியாது என்று அந்த நாட்களில் விதி வந்திருந்தது. சிராங்கூன் சாலையில் காய்கறி விற்பவருக்கும் அது தெரியும். இவருக்கு இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. ஆகவே பயமில்லை. கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் எழுதினால் போதும்.

நாங்கள் மூவரும் போனபோது கிராணி ஆபீசில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பற்குச்சியால் பல்லைக் குத்திக்கொண்டிருந்தார். தாளைக் கொடுக்க முடியாது என்றார்.

"இதோட பின்பக்கத்துல மேனேஜர் கையெழுத்துப் போட்டு நாங்க நேரா அனுப்பணும். உன் பதிலைத் தனித்தாளுல எழுதி நீ அனுப்பணும். அதான் முறை. ஃபைல விட்டு வெளிய போனா என் தலை போயிரும்."

"அப்ப நீங்களே எழுதிக் குடுங்க ஐயா."

"நான் எழுதுனா தோட்டமே எழுதுன மாதிரி ஆயிரும். மேனேஜர் கேப்பாரு. இது என் வேலை இல்ல, லா."

நான் உட்கார்ந்து கையால் பார்த்தெழுதிக்கொள்கிறேன் என்றேன். மேனேஜர் இன்னும் கால்மணியில் வந்துவிடுவார் என்றார். என் முதலாளிக்கு அன்று நல்ல மனநிலை. நாற்பது பேருக்குப் படம் எடுக்கும் வேலை கிடைத்த நாள் அல்லவா.

"ஏம்ப்பா, எழுதிட்டு உக்காந்திருப்பானேன்? ஜன்னல் பக்கம் வச்சுப் புடிங்க. ஒரு படம் எடுத்தா முடிஞ்சது."

கிராணி கதவை ஒருமுறை பார்த்தார். பிறகு கோப்பை ஜன்னலோரம் விரித்துப் பிடித்தார். தாளின் இடது பக்கம் துளையிட்டு நூலால் கோத்திருந்தது. கட்டு கனமாக இருந்ததால் அந்தப் பக்கம் வளைந்து மடிப்புக்குள் போனது. முதலாளி கேமராவின் துருத்தியை முழுதும் நீட்டி, குனிந்து, மூச்சைப் பிடித்து ஒரே ஒரு படம் எடுத்தார். கிராணி கோப்பை மூடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"யாருகிட்டயும் நான் காட்டுனேன்னு சொல்லாதீங்க. மேனேஜருக்குத் தெரிஞ்சா அன்னிக்கே என் சீட்டக் கிழிச்சிருவாரு."

சொல்ல மாட்டோம் என்று நாங்கள் மூவரும் சொன்னோம்.

மறுநாள் அந்தப் படத்தைப் போஸ்ட்கார்டு அளவில் அச்சடித்தேன். முதல் அச்சில் எழுத்துகள் சாம்பல் நிறத்தில் மங்கலாக வந்தன. கெட்டியான காகிதத்துக்கு மாற்றினேன். அது கறுப்பை நல்ல கறுப்பாகவும் வெள்ளையை நல்ல வெள்ளையாகவும் காட்டும் காகிதம். எழுத்துகள் எறும்பு வரிசைபோலத் தெளிவாக எழுந்தன. ஆனால் மடிப்பின் நிழல் விழுந்த இடது ஓரம் முழுக்கக் கரிப் பட்டையாக மாறிவிட்டது. பார்க்க அசிங்கமாக இருந்தது. கல்யாணப் படங்களுக்குச் செய்வதுபோல அச்சுச் சட்டத்தைச் சற்று நகர்த்தி, அந்தப் பட்டையை வெளியே தள்ளி, நாலு பக்கமும் சீரான வெள்ளைக் கரை வைத்து இரண்டு படம் அடித்தேன். காயப் போட்டபோது முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "கைவேலை சுத்தமா வந்திருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி வருவது அபூர்வம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்திலிருந்து அந்த அண்ணன் வந்தார். பதில் போய்ச் சேரக் கடைசி நாள் புதன்கிழமை. நிலையத்துக்கு நாலு கடை தள்ளி, அஞ்சடி நடைபாதையில் தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்திருக்கும் மனு எழுதுபவரிடம் முதலில் போனோம். கழுத்தில் சின்னச் சிலுவை போட்ட ஒல்லியான மனிதர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே வந்து உட்கார்ந்திருந்தார். படத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"கேள்விக்கு நம்பர் எங்க?"

"அதுல இல்லீங்க."

"சர்க்கார் தாளுல நம்பர் இல்லாம இருக்குமா? கீழ பாரு, 'கேள்வி எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் மட்டும் எழுதவும்'னு போட்டிருக்கான். நம்பர் இருக்கு. உங்க படத்துல விழல."

"மேல பத்துக் கேள்வின்னு இருக்குல்ல? நாமளே எண்ணிப் போட்டுக்கலாமே."

"எண்ணிப் போட நீயே போதும், நான் எதுக்கு?" படத்தைத் திருப்பிக் கொடுத்தார். "நாளைக்கு அந்த ஆபீசுக்குப் போய் ஒரு எட்டு பாத்து, ஓரத்துல நம்பரக் குறிச்சிக்கிட்டு வாங்க. வந்தா எழுதித் தாரேன். தெரியாத நம்பருக்கு நான் எழுத மாட்டேன்."

அவர் சொன்னது அவ்வளவுதான். மறுநாள் கிராணியைப் பார்க்க வேண்டும், பத்து நிமிடம் கோப்பைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். தோட்டத்திலேயே குடியிருப்பவருக்கு ஆபீஸ் முந்நூறு அடி தூரம். எண்களை மட்டும் அவரால் படிக்க முடியும். ஆனால் கிராணி முகத்தை மறுபடி பார்க்க அவருக்குத் தயக்கம். என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி செய்யலாம்?"

"அந்த ஆளுக்கு நாளைக்கும் நம்மள வரவச்சுக் காசு வாங்கணும். வாங்க, நான் எழுதுறேன்."

இப்படித்தான் சொன்னேன். இதை இன்னும் மென்மையாகச் சொல்லிப் பார்க்க முடியவில்லை.

எதிர்ப்பக்கம் கோப்பிக் கடையில் பளிங்கு மேசை ஒன்றைப் பிடித்தோம். நான் செய்த வேலை இன்றுவரை எனக்கு வரிசையாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அப்போது அது மிகக் கெட்டிக்காரத்தனமாகத் தோன்றியது. ஒரு படத்தை முழுதாக வைத்துக்கொண்டேன். இரண்டாவது படத்தைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். ஒவ்வொரு கேள்விக்குறியும் வந்த இடத்தில் ஒரு வெட்டு. சில கேள்விகள் இரண்டு வரி, சில ஒரே வரி. ஒவ்வொன்றும் தனித் துண்டாக வந்தது. மின்விசிறிக் காற்றில் பறக்காமல் கோப்பிக் குவளை, தட்டு, தீப்பெட்டி எல்லாவற்றையும் மேலே வைத்தோம். மேலிருந்து கீழாக அடுக்கினேன். எண்ணினேன்.

பதினொன்று.

மறுபடி எண்ணினேன். பதினொன்றுதான். தலைப்பில் 'கீழ்க்காணும் பத்துக் கேள்விகளுக்கு' என்று தெளிவாக இருந்தது. அப்படியென்றால் இரண்டு துண்டுகள் சேர்ந்து ஒரே கேள்வியாக இருக்க வேண்டும்.

முதல் நாலில் சந்தேகம் இல்லை. அவர் பெயரும் தகப்பன் பெயரும், பிறந்த இடம், மனைவியின் பெயரும் முகவரியும், திருமணம் நடந்த இடமும் தேதியும். அடுத்து, சிங்கப்பூரில் இருப்பது எத்தனை காலம் என்று ஒரு துண்டு. அதற்குக் கீழே, 'இப்போதைய வேலையில்?' என்று ஒரு சின்னத் துண்டு. பிறகு, மனைவியைப் பிரிந்திருப்பது எத்தனை காலம். பிறகு, பிரிவதற்கு முன் சேர்ந்து வாழ்ந்தது எத்தனை காலம். பிறகு, பிள்ளைகள் எத்தனை. அதற்குக் கீழே, 'அவர்கள் பெயரும் வயதும்?' என்று இன்னொரு சின்னத் துண்டு. கடைசியாக, குடும்பம் தங்க இடம் உண்டா.

வால்போல இருந்தவை இரண்டு. ஒன்று வேலையைப் பற்றியது, இன்னொன்று பிள்ளைகளைப் பற்றியது. இரண்டையும் ஒட்டினால் ஒன்பது. இரண்டையும் பிரித்தால் பதினொன்று. ஏதாவது ஒன்றை மட்டும் ஒட்ட வேண்டும்.

அவர் சின்ன விரலால் பிள்ளைகள் துண்டைத் தள்ளினார். "இதும் இதும் ஒண்ணுதானே தம்பி? புள்ளை எத்தனை, அதும் பேரு என்ன, வயசு என்ன. ஒரு மூச்சுல கேக்குற கேள்வி."

"இல்லண்ணே. எத்தனைன்னு கேட்டா ஒரு நம்பர். பேரு கேட்டா பேரு. ரெண்டும் வேற வேற பதில். ஆனா இங்க பாருங்க. சிங்கப்பூர்ல எத்தனை காலம், இப்ப உள்ள வேலையில எத்தனை காலம். ரெண்டுக்கும் பதில் வருசம். அதான் 'எத்தனை காலம்'னு ரெண்டாவது தடவை போடாம விட்டிருக்கான். இதுதான் ஒண்ணு."

"அப்படியா?"

"சர்க்கார்க்காரன் இப்படித்தான் எழுதுவான்."

 படித்தவன் சொல்கிறான் என்று விட்டுவிட்டார். வேலைத் துண்டை அதற்கு மேலிருந்த துண்டோடு சேர்த்து ஒரு அட்டையில் பசையால் ஒட்டினேன். மற்றவற்றையும் ஒட்டி, இடப்பக்கம் நீலப் பென்சிலால் ஒன்று முதல் பத்துவரை எண் போட்டேன். பார்ப்பதற்கு அச்சடித்த தாள்போல இருந்தது. கடைக்காரச் சீனர்கூட எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

பிறகு வெள்ளைத் தாளில், நகலுக்கு அடியில் கார்பன் வைத்து, ஆங்கிலத்தில் எண்ணும் பதிலும் மட்டும் எழுதினேன். ஐந்து: பன்னிரண்டு ஆண்டு, அதில் ஏழு ஆண்டு இந்தத் தோட்டத்தில். ஆறு: இரண்டு ஆண்டு. அந்த இடத்தில் அவர் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பிரிஞ்சது ரெண்டுன்னு நல்லாத் தெரியுதா? அதுல ஒரு கோணல் மாணல் இருக்கக் கூடாது. அதுலதான் எல்லாமே இருக்கு."

"எழுத்துலயே எழுதியிருக்கேன், நம்பரா போடல. பாருங்க."

"எனக்கு என்ன தெரியும். நீ சொன்னாச் சரி."

ஏழு: ஐந்து ஆண்டு மூன்று மாதம். எட்டு: ஒன்று. ஒன்பதாவது இடத்தில் பெண்ணின் பெயரையும், ஒரு வருடம் ஒன்பது மாதம் என்றும் எழுதினேன். அவர் அந்தப் பெண்ணை இன்னும் பார்த்ததில்லை. மனைவி கடிதத்தில் எழுதிய தேதியிலிருந்து விரல் விட்டு எண்ணித்தான் மாதத்தைச் சொன்னார். பத்து: லயத்தில் ஓர் அறை உண்டு. கீழே கையெழுத்துப் போட்டார். தமிழில், பெரிய எழுத்தில், நாக்கை ஓரத்தில் கடித்துக்கொண்டு. அன்றே தபாலில் சேர்த்தோம். எனக்கு ஒரு கோப்பியும் ரொட்டியும் வாங்கிக் கொடுத்தார். நான் சாப்பிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, வேலை நாளில், அதுவும் மதியத்தில் அவர் நிலையத்து வாசலில் நின்றார். பால் வெட்டும் சட்டையோடு வந்திருந்தார். கையில் கடிதம். இந்த முறை கிராணி கடிதத்தைக் கையிலேயே கொடுத்திருந்தார்.

படித்தேன். மனைவியைப் பிரிந்து ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டதால் அனுமதி மறுக்கப்படுகிறது. மேலும், ஐந்தாம் கேள்விக்கும் ஆறாம் கேள்விக்கும் சொன்ன பதில்கள் ஒன்றுக்கொன்று முரணாக உள்ளன. இரண்டு பத்திதான் கடிதம்.

"அஞ்சு வருசமா? யாரு சொன்னா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "நீ ரெண்டுன்னு எழுதுனேல்ல? நான் பாத்தேனே. ரெண்டுன்னுதானே எழுதுன?"

"ரெண்டுதாண்ணே எழுதுனேன்."

"அப்ப அவன் எங்க இருந்து அஞ்ச எடுத்தான்?"

எனக்கும் புரியவில்லை. ஆபீஸ்காரன் தப்புச் செய்துவிட்டான் என்று அவரிடம் உறுதியாகச் சொன்னேன். மனு எழுதுபவரிடம் கூட்டிக்கொண்டு போனதும் அவனைத் திட்டி ஒரு கடிதம் எழுத வைக்கத்தான். அவர் கடிதத்தைப் படித்தார். நான் ஒட்டிய அட்டையையும், பதிலின் நகலையும் கேட்டு வாங்கினார்.  பிறகு என் நீலப் பென்சில் எண்களின்மேல் தன் பேனா முனையை வைத்தார்.

"வேலைக் கேள்விய நீ அஞ்சோட சேத்திருக்க. அது தனிக் கேள்வி. அதுதான் அவனுக்கு ஆறு. ஆறுக்கு நேரா நீ ரெண்டுன்னு எழுதியிருக்க. அவன் என்ன படிப்பான்? இந்த வேலையில ரெண்டு வருசம். அஞ்சுல ஏழுன்னு சொல்லிட்டு ஆறுல ரெண்டுங்கிறான், இவன் பொய் சொல்றான்னு நெனப்பான். அவனோட ஏழு, பிரிஞ்ச காலம். உன்னோட ஏழுல என்ன இருக்கு?"

ஐந்து ஆண்டு மூன்று மாதம். அவர்கள் சேர்ந்து வாழ்ந்த காலம்.

"அவனோட எட்டு, சேந்து வாழ்ந்தது. உன் எட்டுல ஒண்ணு. ஒரு வருசம் வாழ்ந்தாங்கன்னு எடுத்துக்குவான். பிள்ளை எண்ணிக்கைன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? அதோட புள்ளைங்க கேள்விய நீ ரெண்டா ஒடைச்சதால ஒன்பதாவதுல வந்து நேராயிருச்சு. ஒன்பதும் பத்தும் சரியா இருக்கு, முதல் நாலும் சரியா இருக்கு. நடுவுல மூணு தப்பு. அந்த மூணும் பாக்கச் சரியான பதில் மாதிரியே இருக்கு." பேனாவை மூடினார். "நான் எழுதுனா ஒவ்வொரு பதிலுக்கு மேலயும் கேள்விய முழுசா எழுதுவேன். பதில் மட்டும் எழுதுன்னு அவன் சொன்னாலும் எழுதுவேன். தாளு பெருசாகும், திட்டுவாங்க. நம்பர் தப்புனாலும் கேள்வி அங்கயே நிக்கும்ல."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

அன்று நிலையத்துக்குத் திரும்பியதும் நெகடிவ் வைக்கும் உறைகளைக் கிளறி அந்தத் தோட்டத்து உறையை எடுத்தேன். விளக்குக்கு நேரே பிடித்தேன். இடது ஓரத்தில், மடிப்பின் நிழலுக்குள், எண்கள் இருந்தன. மங்கலாக, ஆனால் இருந்தன. ஐந்து, அதற்குக் கீழே ஆறு, 'இப்போதைய வேலையில்?' என்ற கேள்விக்கு நேராக. பிள்ளைகள் கேள்வியின் இரண்டாம் வரிக்கு முன்னால் எதுவும் இல்லை. மென்மையான காகிதத்தில் அந்த ஓரத்துக்கு மட்டும் வெளிச்சம் படும் நேரத்தைக் கொஞ்சம் குறைத்து அடித்திருந்தால் படித்திருக்கலாம். நான் கரிப்பட்டை என்று வெளியே தள்ளியது அதைத்தான். எங்கள் தொழிலில் யாரும் படத்தைப் படிப்பதில்லை. கரை சீராக இருக்கிறதா, முகம் வெளுத்திருக்கிறதா என்றுதான் பார்ப்போம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஓரத்தை வெட்டியதையும் சொன்னேன். அவர் நெகடிவைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். அவருக்கு எழுத்துகள் தெரியவில்லை, எண்கள் தெரிந்தன.

"சரி. மேல்முறையீடு எழுதுவோம்" என்றார்.

மனு எழுதுபவர் இந்தத் தடவை ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு கேள்வி கேட்டார். தாளில் எண்கள் அச்சாகியிருக்கும்போது பதில் எண் எப்படித் தவறியது என்று ஆபீசில் கேட்பார்கள். என்ன சொல்வது? உள்ளதைச் சொன்னால், தாளைப் பார்க்காமல் படத்தைப் பார்த்து எழுதினோம் என்று சொல்ல வேண்டும். படம் எங்கே எடுத்தது, யார் கோப்பைத் திறந்து காட்டியது என்று அடுத்த கேள்வி வரும். படத்தையும் நெகடிவையும் கூடவே வைத்தால் நம்புவார்கள். ஆனால் தோட்ட மேனேஜருக்குக் கடிதம் போகும்.

கிராணி சேதி தெரிந்து அவரே சைக்கிளில் லயத்துக்கு வந்தாராம். நான் அங்கே இல்லை, அண்ணன் பின்னால் சொன்னதுதான். வாசலில் நின்று, "உனக்கு நல்லது செய்யப் போய்த்தானே இது? என் பேரு வந்துரக் கூடாதுப்பா" என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம் அவருக்கு.

"படத்தக் காட்டாட்டி வேலைக்கு ஆகாது அண்ணே" என்றேன். "அந்தக் கிராணி என்ன நல்லது செஞ்சான்? பயந்துகிட்டு ஃபைல மூடுனவன். உள்ளத எழுதுவோம்."

"நானும் சத்தியம் பண்ணிட்டேன்ல."

"சத்தியமா? உங்க பொண்டாட்டி புள்ள பெருசா, அவன் வேலை பெருசா?"

என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. அலுப்புத்தான் இருந்தது. "உன் தப்ப எடுத்து அவரு தலையில வைக்கச் சொல்றியா தம்பி?"

 மேல்முறையீட்டில், எழுதியவரின் கவனக்குறைவால் பதில் எண்கள் இடம் மாறிவிட்டன என்று மட்டும் போட்டார்கள். ஒவ்வொரு பதிலுக்கு மேலும் கேள்வி முழுதாக எழுதப்பட்டிருந்தது. பத்துக் கேள்வி, பத்துப் பதில், சரியான வரிசையில். மூன்று பக்கம். படிக்க அழகாக இருந்தது.

எட்டு மாதம் பதில் வரவில்லை. இடையில் இரண்டு முறை நானே அந்த அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். 'பரிசீலனையில் உள்ளது' என்றார்கள். பிறகு கடிதம் வந்தது. விண்ணப்பதாரர் தாமே கையெழுத்திட்டு முன்பு தந்த விவரங்களுக்கு மாறாக இப்போது கூறுகிறார், அச்சிட்ட எண்களுக்கு எதிராகப் பதில்கள் எப்படி மாறின என்பதற்கு ஏற்கத்தக்க விளக்கம் இல்லை, ஆகவே முந்தைய முடிவில் மாற்றம் இல்லை.

இந்தக் கடிதத்தை நான்தான் படித்துச் சொன்னேன். லயத்து அறையில் அவர் பாயில் உட்கார்ந்திருந்தார், நான் வாசல்படியில். அறையில் துவைத்த சின்னச் சட்டை ஒன்று கொடியில் தொங்கியது. பிறக்கும் முன்பே வாங்கி வைத்தது, அனுப்ப மறந்தது என்றார். அது இப்போது அந்தப் பெண்ணுக்குச் சேராது.

"இன்னொரு தடவை எழுதலாம்" என்றேன்.

"எழுதி?"

"வக்கீலு வச்சு..."

"ஒரு தடவைக்கு எட்டு மாசம் தம்பி. இன்னும் மூணு நாலு தடவை எழுதுனா, நீ போட்ட அந்த ஏழாவது பதிலு நிசமாயிரும். அதுக்கப்புறம் பொய்னு யாரும் சொல்ல முடியாது."

சிரித்தார். நானும் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, எனக்கு முடியவில்லை.

அடுத்த மாதமே தோட்டத்தில் கணக்கு முடித்துக்கொண்டு கப்பலேறினார். சிங்கப்பூரில் பன்னிரண்டு ஆண்டு, அதற்குமேல் ஓர் ஆண்டும் ஆகியிருந்தது. ஊரில் அவருக்கு நிலம் கிடையாது, வீடும் மாமியாருடையது. போனால் திரும்பி வருவது நடக்காது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் இங்கே தனியாக இருப்பதற்கு அதுவே மேல் என்று முடிவு செய்துவிட்டார். கப்பல் தேதியை என்னிடம் சொல்லவில்லை. கிராணி ஒருமுறை சிராங்கூன் சாலைக்குக் கல்யாணத் துணி வாங்க வந்தபோது, அவர் போய்விட்டதாகச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "நல்ல மனுசன்" என்றார் கிராணி.  அன்று கடையில் ஆள் இல்லாததால் அவர் மகளின் கல்யாணப் படத்துக்கு முன்பணம் வாங்கி, சீட்டு எழுதிக் கொடுத்தது நான்தான்.

அந்த ஆண்டுக் கடைசியில் புகைப்பட நிலையத்தை விட்டேன். காரணம் இதுதான் என்று சொல்ல மாட்டேன். எந்த வேலையையும் நான் மூன்று ஆண்டுக்கு மேல் செய்ததில்லை. உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு லாரிக்காரரிடம் சேர்ந்தேன். அங்கேயும் ஆட்கள் தாளை நீட்டினார்கள். எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். நம்பினார்கள். லாரி ஓட்டுபவனுக்குப் படிக்கத் தெரியாது என்றால் யாரும் இரண்டாவது முறை கேட்பதில்லை.

அவரிடமிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. அவருக்கு எழுதுவதென்றால் மூன்றாம் கேள்விக்குப் பதிலாக எழுதிய முகவரி எனக்கு மனப்பாடமாகத் தெரியும். எழுதவில்லை.